தங்கப் பத்திரமும் வரியில்லாப் பத்திரமும்: வட்டிக்கு வரியா, முதிர்வுத் தொகைக்கு வரியா?

மத்திய அரசின் சார்பில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட தங்கப் பத்திரத்தையும், தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போன்ற பொதுத்துறை அமைப்புகள் வெளியிட்ட வரியில்லாப் பத்திரத்தையும் பற்றிப் பேசும்போது, இரண்டுக்கும் வரி கிடையாது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இரண்டிலும் அது பாதி உண்மைதான். அதிலும் ஒன்றில் உண்மையாக இருக்கும் பாதி, மற்றொன்றில் பொய்யாக இருக்கும் பாதி. தங்கப் பத்திரம் ஆண்டுதோறும் தரும் வட்டிக்கு வரி உண்டு, முதிர்வில் கிடைக்கும் ஆதாயத்துக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வரி இல்லை. வரியில்லாப் பத்திரத்தின் வட்டிக்கு வரி இல்லை. ஆனால் அதை விற்று ஆதாயம் பார்த்தால் அந்த ஆதாயத்துக்கு வரி உண்டு. கையில் இருக்கும் பணத்தை எதில் வைப்பது, ஏற்கெனவே இருக்கும் பத்திரத்தை எப்போது, எந்த வழியாகப் பணமாக்குவது என்பதை முடிவு செய்ய, இந்த வேறுபாட்டை ரூபாய்க் கணக்காகப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இவ்விரண்டில் எதையும் இன்று புதிய வெளியீட்டில் வாங்க முடியாது. தங்கப் பத்திரத்தின் கடைசி வெளியீடு 2024 பிப்ரவரியில், கிராம் 6,263 ரூபாய்க்கு வந்தது. வரியில்லாப் பத்திரங்களின் பொது வெளியீடு 2015–16 நிதியாண்டோடு நின்றுவிட்டது. ஆகவே இன்று வாங்க நினைப்பவர் பங்குச் சந்தையில், வேறொருவர் விற்பதை, அன்றைய சந்தை விலைக்குத்தான் வாங்குகிறார். வரிக் கணக்கு மாறும் இடமும் அதுவே: வெளியீட்டிலேயே வாங்கியவருக்குப் பொருந்தும் பதில், சந்தையில் வாங்கியவருக்குப் பொருந்துவதில்லை.

வட்டியிலிருந்து தொடங்குவோம். தங்கப் பத்திரத்தின் தொடக்க வெளியீடுகளுக்கு ஆண்டுக்கு 2.75 சதவீதமும், பின்னர் வந்தவற்றுக்கு 2.50 சதவீதமும் வட்டி நிர்ணயிக்கப்பட்டது. அது ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் சேரும். இந்த வட்டி கணக்கிடப்படுவது வெளியீட்டு விலையின் மீதுதான், தங்கத்தின் அன்றைய விலையின் மீது அல்ல. கிராம் 6,263 ரூபாய்க்கு வெளியான பத்திரம், தங்கம் எவ்வளவு ஏறினாலும் ஆண்டுக்குக் கிராமுக்கு ஏறத்தாழ 157 ரூபாய்தான் தரும். அந்தத் தொகை 'இதர வருமானம்' என்ற தலைப்பின் கீழ் அவரவர் வரி அடுக்கின்படி முழுவதும் வரிக்கு உட்பட்டது.

வட்டி தரும்போதே வரியைக் கழித்துக்கொள்ளும் டிடிஎஸ் பிடித்தம் இதில் கிடையாது என்பதைப் பலர் வரியே கிடையாது என்று புரிந்துகொள்கிறார்கள். பிடித்தம் இல்லையென்றால், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் பொறுப்பு முழுவதும் பத்திரதாரரிடம் இருக்கிறது என்றே பொருள். நான் பார்த்த கணக்குகளில் அதிகம் விடுபடுவது முதிர்வின்போது வரும் கடைசி அரையாண்டு வட்டி. முதிர்வுத் தொகையை ஒட்டியே அதுவும் வரவு வைக்கப்படுவதால், முழுத் தொகையும் வரி விலக்குப் பெற்றது என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து, கிராம் எண்ணிக்கையை முதிர்வு விலையால் பெருக்கிப் பார்த்தால், அதற்கு மேல் வந்திருப்பது வட்டி என்று உடனே தெரிந்துவிடும். அந்தப் பகுதிக்கு விலக்கு இல்லை.

வரியில்லாப் பத்திரத்தின் வட்டி இதற்கு நேர்மாறானது. பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த வட்டி மொத்த வருமானத்தில் சேர்வதே இல்லை. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தாலும் புதிய முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த விலக்கு தொடர்கிறது. வருமான வரிப் படிவத்தில் விலக்குப் பெற்ற வருமானத்துக்கான பகுதியில் தொகையைக் காட்டினால் போதும். ஆனாலும் சந்தையில் வாங்குபவர் வட்டி விகிதத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். சில வெளியீடுகளில் சிறு முதலீட்டாளருக்குக் கூடுதல் விகிதம் தரப்பட்டது. அந்தக் கூடுதல் விகிதம் வெளியீட்டில் வாங்கியவரோடு நின்றுவிடுமா, அடுத்து வாங்குபவருக்கும் தொடருமா என்பது அந்தந்த வெளியீட்டின் விதிமுறையைப் பொறுத்தது. பத்திரத்தின் பெயரில் உள்ள சதவீதத்தை மட்டும் நம்பி வாங்கியவர், முதல் வட்டி வந்த பிறகே அது குறைவாக இருப்பதை அறிகிறார்.

இப்போது இரண்டையும் ஒரே காலத்தில் வாங்கிய ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். முதல் தங்கப் பத்திரம் 2015 நவம்பர் 30 அன்று கிராம் 2,684 ரூபாய்க்கு, 2.75 சதவீத வட்டியோடு வெளியானது. அடுத்த மாதம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் வரியில்லாப் பத்திரம் வந்தது. 15 ஆண்டுக்கால வகையில் சிறு முதலீட்டாளருக்கு 7.60 சதவீத வட்டி. ஒருவர் 2,68,400 ரூபாய் கொடுத்து 100 கிராம் தங்கப் பத்திரமும், 2,68,000 ரூபாய் கொடுத்து 268 வரியில்லாப் பத்திரங்களும் வாங்கினார் என்றும், அவர் 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த வரியின் மீது 4 சதவீத செஸ் சேர்த்தால் அவருடைய வரி விகிதம் 31.2 சதவீதம்.

தங்கப் பத்திரம் அவருக்கு ஆண்டுக்கு 7,381 ரூபாய் வட்டி தந்தது. அதில் சுமார் 2,303 ரூபாய் வரியாகப் போக, கையில் நின்றது சுமார் 5,078 ரூபாய். வரிக்குப் பின் பார்த்தால் 2.75 சதவீதம் என்பது 1.89 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. வரியில்லாப் பத்திரம் ஆண்டுக்கு 20,368 ரூபாய் தந்தது. அதில் ஒரு ரூபாய்கூட வரியாகப் போகவில்லை. இவருக்கு வங்கி வைப்பிலிருந்து இதே தொகை வரிபோக நிற்க வேண்டுமானால், அந்த வைப்புக்கு 11 சதவீதத்துக்குச் சற்று மேல் வட்டி கிடைத்திருக்க வேண்டும். ஆண்டு வருமானத்தை மட்டும் வைத்து எடைபோட்டால் இரண்டும் ஒப்பிடத்தக்கவையே அல்ல.

முதிர்வில் தராசு மறுபக்கம் சாய்ந்தது. 2023 நவம்பர் 30 அன்று முதல் தங்கப் பத்திரம் கிராம் 6,132 ரூபாய்க்கு முதிர்ந்தது. 100 கிராமுக்கு 6,13,200 ரூபாய். அதில் ஆதாயம் 3,44,800 ரூபாய். பத்திரதாரர் தனிநபர் என்பதால் இந்த முதிர்வைச் சட்டம் சொத்துப் பரிமாற்றமாகவே கருதவில்லை. பரிமாற்றம் இல்லாத இடத்தில் மூலதன ஆதாய வரிக்கும் இடமில்லை. இதே ஆதாயம் விலக்கு இல்லாமல், இன்றைய நீண்டகால விகிதமான 12.5 சதவீதத்துக்கும் செஸ்ஸுக்கும் உட்பட்டிருந்தால், 44,824 ரூபாய் வரியாகப் போயிருக்கும். எட்டு ஆண்டுகளில் வட்டிக்காக அவர் கட்டிய வரி மொத்தம் சுமார் 18,400 ரூபாய்தான். சிறிய பகுதிக்கு வரி போட்டுப் பெரிய பகுதியை விட்டுவைத்த ஏற்பாடு என்று தங்கப் பத்திரத்தைச் சொல்வது இதனால்தான். தங்க விலை ஏறாமலே இருந்திருந்தால் அந்தப் பெரிய பகுதி இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். இலாபமே இல்லாத இடத்தில் வரி விலக்கால் ஒரு பயனும் இல்லை.

அதே நபரின் வரியில்லாப் பத்திரம் 2031இல் முதிரும்போது, அவர் கொடுத்த 2,68,000 ரூபாயே திரும்ப வரும். பத்திரத்தில் குறித்த விலையான முகமதிப்புக்கு வாங்கி முகமதிப்பையே திரும்பப் பெறுவதால் ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை, அதனால் வரியும் இல்லை. வெளியீட்டில் வாங்கி முதிர்வுவரை வைத்திருப்பவருக்கு இந்தப் பத்திரம் பெயருக்கேற்றபடி முழுமையாகவே வரியில்லாதது. இடையில் சந்தையில் விற்றால்தான் நிலை மாறும்.

தங்கப் பத்திரத்தின் முதிர்வு விலக்கை இனி முன்போல் எண்ணிக்கொள்ள முடியாது. இந்தப் பத்திரத்திலிருந்து வெளியேற மூன்று வழிகள் உள்ளன: எட்டாண்டு முடிவில் முதிர்வு, ஐந்தாம் ஆண்டுக்குப் பிறகு வட்டி வரும் தேதிகளில் ரிசர்வ் வங்கியிடமே முன்கூட்டி ஒப்படைத்தல், பங்குச் சந்தையில் விற்றல். முன்பு முதல் இரண்டு வழிகளிலும் தனிநபருக்கு விலக்குக் கிடைத்தது. பத்திரத்தை வெளியீட்டில் வாங்கினாரா, சந்தையில் வாங்கினாரா என்ற கேள்வி எழவில்லை. 2026 பிப்ரவரி 1 அன்று தாக்கலான பட்ஜெட்டின் நிதி மசோதா, 2026 ஏப்ரல் 1 முதலான காலத்துக்கு இந்த விலக்கைக் குறுக்கி வரையறுத்தது. அதன்படி, முதல் வெளியீட்டிலேயே விண்ணப்பித்துப் பத்திரத்தைப் பெற்ற தனிநபர், இடையில் கைமாற்றாமல் முதிர்வுவரை தொடர்ந்து வைத்திருந்தால் மட்டுமே விலக்கு உண்டு. இதற்குள் வராதவர்கள் இருவகையினர்: சந்தையில் வாங்கியவர்கள் ஒரு வகை, வெளியீட்டிலேயே வாங்கியிருந்தும் எட்டாண்டு நிறையுமுன் ரிசர்வ் வங்கியிடம் ஒப்படைப்பவர்கள் மற்றொரு வகை.

இரண்டாவது வகையினரை நினைத்தே எனக்கு அதிகக் கவலை. ஐந்தாண்டு முடிந்ததும் ஒப்படைத்தால் வரி கிடையாது என்ற அறிவுரை பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு, மக்களின் மனத்தில் ஊறிவிட்டது. இனி ஒருவர் தம் மகளின் திருமணத்துக்காக ஆறாம் ஆண்டில் பத்திரத்தை ஒப்படைக்க நினைத்தால், ஆதாயத்தில் செஸ் உட்பட 13 சதவீதம் வரியாகப் போகும் என்று கணக்கிட்ட பிறகே விண்ணப்பம் தர வேண்டும். 5 இலட்சம் ரூபாய் ஆதாயத்தில் அது 65,000 ரூபாய். இன்னும் ஓராண்டே மீதமுள்ள பத்திரமாக இருந்தால், செலவுக்கு வேறு வழியில் பணம் திரட்டிவிட்டு இதை முதிரவிடுவதே பெரும்பாலும் மலிவானதாக இருக்கும். முதிர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, சந்தையில் விலை சற்றுக் கூடுதலாக இருக்கிறதே என்று விற்றுவிடுவதும் இதே போன்ற தவறுதான். கிராமுக்கு நூறு ரூபாய் கூடுதலாகப் பார்த்து, கிராமுக்கு ஆயிரம் ரூபாய் வரியை இழுத்துக்கொள்ள நேரும்.

சந்தையில் புதிதாகத் தங்கப் பத்திரம் வாங்க நினைப்பவருக்கோ, இதன் சிறப்பு பெருமளவு மறைந்துவிட்டது. 6,263 ரூபாய்க்கு வெளியான பத்திரத்தை அவர் 12,000 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டியான 157 ரூபாய் அவருடைய முதலீட்டில் 1.3 சதவீதம், 31.2 சதவீத வரி போனால் 0.9 சதவீதம். முதிர்வில் கிடைக்கும் ஆதாயத்துக்கு, பங்குச் சந்தையில் வாங்கும் தங்க இடிஎஃப்பை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்பதற்கு உள்ள அதே 12.5 சதவீத விகிதம்தான். எனவே தங்கத்தின் அன்றைய விலையைவிடக் கூடுதல் கொடுத்துப் பத்திரத்தை வாங்குவதற்கு இருந்த முக்கியக் காரணம் இப்போது இல்லை. அன்றைய தங்க விலைக்குக் குறைவாகக் கிடைத்தால், அந்தத் தள்ளுபடிக்காகவும் சிறிய வட்டிக்காகவும் வாங்கலாமே தவிர, வரி விலக்கை எதிர்பார்த்து வாங்கக் கூடாது.

வரியில்லாப் பத்திரத்தைச் சந்தையில் வாங்குபவரின் கணக்கு வேறு மாதிரியானது. அவர் முகமதிப்பைவிடக் கூடுதல் கொடுத்தே வாங்க வேண்டியிருக்கும், ஏனெனில் 7.60 சதவீத வரியில்லா வட்டியை 1,000 ரூபாய்க்கு விற்க யாரும் முன்வரமாட்டார்கள். முதிர்வுக்கு ஐந்தாண்டு இருக்கும் அந்தப் பத்திரத்தை, சேர்ந்திருக்கும் வட்டி நீங்கலாக, 1,090 ரூபாய்க்கு 250 எண்ணிக்கை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். முதலீடு 2,72,500 ரூபாய். ஆண்டுக்கு 19,000 ரூபாய் வீதம் ஐந்தாண்டில் 95,000 ரூபாய் வரியில்லா வட்டி வரும். முதிர்வில் திரும்புவது 2,50,000 ரூபாய் மட்டுமே, ஆகவே 22,500 ரூபாய் குறைகிறது. இந்தக் குறைவையும் கணக்கில் கொண்டால் அவருடைய உண்மையான ஆண்டு விளைவு 7.60 சதவீதம் அல்ல, ஏறத்தாழ 5.5 சதவீதம். வாங்கும் முன் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

அந்த 22,500 ரூபாய் வீணாகப் போவதில்லை. அது நீண்டகால மூலதன நட்டம். அதே ஆண்டில் நிலம், பங்கு, தங்கம் எதிலாவது நீண்டகால ஆதாயம் இருந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அடுத்த எட்டு ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம். கொண்டுசெல்ல வேண்டுமானால் அந்த ஆண்டின் வருமான வரிப் படிவத்தைக் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். வட்டிக்குத்தான் வரி இல்லையே, இதில் காட்ட என்ன இருக்கிறது என்று விட்டுவிடுபவர்கள் இந்த உரிமையை இழக்கிறார்கள். 12.5 சதவீத விகிதமுள்ள ஆதாயத்தில் கழித்தால் செஸ் உட்பட மிச்சமாவது 2,925 ரூபாய். பெரிய தொகை அல்ல என்றாலும், 5.5 சதவீதத்தின் மேல் கிடைக்கும் கூடுதல் அது.

இந்த நட்டத்தை வலிந்து உண்டாக்க முயல்பவர்களுக்குச் சட்டம் ஒரு தடை வைத்திருக்கிறது. வட்டி யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் பதிவு தேதிக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் பத்திரத்தை வாங்கி, வரியில்லா வட்டியைப் பெற்று, அத்தேதிக்குப் பிந்தைய மூன்று மாதங்களுக்குள் விலை இறங்கியபின் விற்றால், பெற்ற வட்டியின் அளவுக்கு நட்டம் கணக்கில் கொள்ளப்படாது.

விற்பவர் கவனிக்க வேண்டியதும் இதே பதிவு தேதிதான். சந்தையில் இப்பத்திரங்கள், அதுவரை சேர்ந்த வட்டியையும் உள்ளடக்கிய விலையில் கைமாறுகின்றன. வட்டி வர ஒரு மாதம் இருக்கும்போது விற்றால், பதினொரு மாத வட்டியான சுமார் 70 ரூபாய் விலைக்குள் கலந்து வருகிறது. வட்டியாக வந்திருந்தால் வரி இல்லாத அந்த 70 ரூபாய், விற்பனை விலையின் பகுதியாக வந்ததால் மூலதன ஆதாயமாகிவிடுகிறது. பத்திரத்துக்கு 9.10 ரூபாய் வீதம், 250 பத்திரங்களுக்குச் சுமார் 2,275 ரூபாய் தேவையில்லாத வரி. அவசரமில்லாதவர் வட்டியைப் பெற்றுக்கொண்ட பிறகு விற்பதே முறை. பங்குகளின் நீண்டகால ஆதாயத்துக்கு ஆண்டுக்கு 1,25,000 ரூபாய்வரை உள்ள விலக்கு இந்தப் பத்திரங்களின் ஆதாயத்துக்கு, தங்கப் பத்திரமாயினும் வரியில்லாப் பத்திரமாயினும், பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டையும் பங்குகளோடு சேர்த்துக் காட்டி, பிறகு அறிவிப்பு வந்து திருத்தியவர்கள் உண்டு.

இனி எது யாருக்கு என்ற கேள்வி. ஆண்டுதோறும் வருமானம் தேவைப்படுபவர் வரியில்லாப் பத்திரத்தைத்தான் பார்க்க வேண்டும், ஆனால் அவருடைய வரி அடுக்கு அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். மேலே கண்ட 5.5 சதவீத விளைவை, 7 சதவீத வட்டி தரும் ஒரு வங்கி வைப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வைப்பில் வரிபோக 4.8 சதவீதம்தான் நிற்கும். அவருக்கு வரியில்லாப் பத்திரம் தெளிவாகவே மேல். 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 5.5 சதவீதம் நிற்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 5 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வைப்பிலேயே 6.6 சதவீதம் நின்றுவிடும். அவர் வரியில்லாப் பத்திரம் வாங்கினால், தாம் கட்டத் தேவையே இல்லாத வரியை மிச்சப்படுத்துவதற்காக ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் விட்டுக்கொடுக்கிறார்.

புதிய வரி முறை இந்தக் கணக்கை இன்னும் மாற்றியிருக்கிறது. 2025–26 நிதியாண்டு முதல், அம்முறையில் வரிக்குரிய வருமானம் 12 இலட்சம் ரூபாய்வரை இருப்பவருக்குத் தள்ளுபடி மூலம் வரியே வருவதில்லை. 30 சதவீத அடுக்கு 24 இலட்சத்துக்கு மேல்தான் தொடங்குகிறது. ஓய்வூதியமும் வைப்பு வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 9 இலட்சம் ரூபாய் வருபவர், பெயரில் 'வரியில்லா' என்று இருக்கிறதே என்பதற்காக மட்டும் இந்தப் பத்திரத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. தங்கப் பத்திரத்தின் வட்டியும் அவருக்கு இந்தத் தள்ளுபடிக்குள் அடங்கிவிடும். ஆனால் 12.5 சதவீத விகிதத்தில் வரும் மூலதன ஆதாய வரியை அந்தத் தள்ளுபடி குறைக்காது. வருமானம் 12 இலட்சத்துக்குக் குறைவு, அதனால் எப்போது விற்றாலும் வரி இல்லை என்று எண்ணி, தங்கப் பத்திரத்தை முதிர்வுக்கு முன்பே விற்றுவிட்டால், ஆதாயத்துக்கான வரி தனியாக வந்து நிற்கும்.

வெளியீட்டிலேயே வாங்கிய தங்கப் பத்திரத்தை இன்றும் கையில் வைத்திருப்பவரின் நிலைதான் இவை எல்லாவற்றிலும் மேலானது. அவரிடம் இருக்கும் விலக்கை இனி யாரும் சந்தையில் விலைகொடுத்து வாங்க முடியாது. அவர் செய்ய வேண்டியவை சிறியவை: ஆண்டு வட்டியை விடாமல் கணக்கில் காட்டுவது, பத்திரத்தோடு இணைத்த வங்கிக் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று முதிர்வுக்கு முன் பார்த்துக்கொள்வது, வெளியீட்டிலேயே ஒதுக்கீடு பெற்றதைக் காட்டும் சான்றிதழையும் விண்ணப்பத்துக்குப் பணம் கழிந்த வங்கிப் பதிவையும் பத்திரமாக வைத்திருப்பது. விலக்கு பெற்றவர் முதல் வாங்குநர்தானா என்று பின்னாளில் கேள்வி எழுந்தால், அதற்கு விடையளிக்கப்போவது அந்தத் தாள்கள்தான்.